பன்னிரண்டு மேசைகளின்

ருஷ்ய மொழியில் 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லக்கூட இப்போது எனக்கு வராது. ஆனால் பன்னிரண்டு மேசைகளை எப்படிச் சொல்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பினாங்கில் அது ஒருவருக்கும் தேவைப்படாது. எனக்கும் தேவைப்படவில்லை. மண்டையில் தங்க வேண்டியதெல்லாம் போய்விட்டது, இந்த வேண்டாத சாமான் மட்டும் மூலையில் கிடக்கிறது.

சோவியத் உடைந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். மலேசியாவில் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகளை ருஷ்யாவுக்கு அனுப்புகிறோம் என்று அங்கங்கே ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். அப்படி ஒருவர் சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மேசை நாற்காலி போட்டு, சுவரில் பனி மூடிய கட்டடம் ஒன்றின் படத்தை மாட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைச் 'சார்' என்றோம். அவருக்கு ருஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதைப் பற்றி அவருக்கு வெட்கமும் கிடையாது. பாடம் நடத்த ஒரு மேடத்தை வைத்திருந்தார். ருஷ்யப் பெண், இங்கே ஓர் இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு வந்து பல வருடம் ஆனவர். வெயிலில் சிவந்த முகம், நல்ல ஆங்கிலம், சட்டென்று வரும் கோபம். அந்தக் கோபத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என்னிடமும் அது நிறைய இருந்தது.

வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா நான் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். அவருடைய அப்பாவும் கிளார்க்தான், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். எங்கள் ஆட்களில் ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டராவது வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்கள் வீட்டில் முறை எனக்கு வந்திருந்தது. சாரிடம் வகுப்புக்குப் பணம் கட்டுவது வரையில்தான் அப்பாவால் முடியும், அங்கே போய்ப் படிக்க வைக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் சேர்ந்தேன். மொழியாவது கையில் இருக்கட்டும், பிறகு ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். அந்த வயதில் வழி தானாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் இருக்கும்.

ருஷ்ய மொழியில் எண்ணுக்குப் பிறகு வரும் பெயர்ச்சொல் சும்மா வராது. ஒன்று என்றால் அதன் சொந்த உருவத்தில் வரும்: ஒரு மேசை, ஸ்தோல். இரண்டு, மூன்று, நாலு என்றால் ஆறாம் வேற்றுமை ஒருமை: 'இரண்டு மேசையின்', ஸ்தலா. ஐந்து தொடங்கி இருபது வரை ஆறாம் வேற்றுமைப் பன்மை: 'ஐந்து மேசைகளின்', ஸ்தலோவ். இருபதைத் தாண்டினால் கடைசிச் சொல்லைப் பார்க்க வேண்டும். இருபத்தொன்று என்றால் ஒன்று மாதிரி, இருபத்திரண்டு என்றால் இரண்டு மாதிரி, இருபத்தைந்து என்றால் ஐந்து மாதிரி. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு மட்டும் அந்தக் கடைசி இலக்கக் கணக்குக்கு வராது. அவை ஐந்தோடு சேர்ந்தவை. பன்னிரண்டு மேசைகளின். சுழியத்துக்கும் பன்மைதான் என்று மேடம் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

இதற்கு மேடம் ஒரு பயிற்சித் தாள் தயாரித்திருந்தார். இடது ஓரத்தில் எண், பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் அடைப்புக்குள் பெயர்ச்சொல். கோடிட்ட இடத்தில் சரியான உருவத்தை நிரப்ப வேண்டும். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ருஷ்யத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது. எண்களை மேலிருந்து கீழே, ஒன்றாம் இடத்துக்கு நேர் கீழே ஒன்றாம் இடம் வருமாறு அழகாக அடுக்கியிருந்தார். பத்தாம் இடம் இருந்தால் அது ஓரத்தை ஒட்டி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கேள்விக்கு வரிசை எண் கிடையாது. ஏற்கெனவே தாளில் எண்கள் போதும் போதும் என்று இருந்தன.

அந்த இயந்திரத்துக்கு ரிப்பன் இங்கே கிடைக்காது. அதனால் மேடம் அந்த ஒரே தாளைப் பிரதி எடுத்து ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் கொடுத்து வந்தார். விளைவு, எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் விடைகளை வரிசையாக மனப்பாடம் செய்து எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வகுப்பு தொடங்குமுன் எல்லாரும் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்வார்கள்: 'ஸ்தலோவ், க்னீகி, லெத், கோதா...' எண் எதுவும் அதில் கிடையாது. எதற்கு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மேலிருந்து கீழே ராகத்தை இறக்கி வைத்தால் முழு மதிப்பெண். ஒரு தடவை மேடம் படியேறி வரும்போது இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டார். முகம் இன்னும் சிவந்துபோனது.

"கிளிப்பிள்ளைகள்! ஒரு நாள் எண்களை எல்லாம் மாற்றிவிடுவேன். அன்றைக்குப் பார்க்கலாம் உங்கள் பாட்டை," என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

என் தோழிதான் அந்தப் பாட்டில் முதல் குரல். செபராங் ஜெயாவிலிருந்து பஸ்ஸும், கடல் தாண்ட ஃபெரிப் படகும் பிடித்து வருபவள். எப்போதும் சிரித்தபடி இருப்பாள், எப்போதும் பசியோடு இருப்பாள். வகுப்பு முடிந்ததும் கீழே ஒரு கடையில் இருவரும் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்போம். நான் விதியை விளக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவாள்.

"ஏன்லா இவ்வளோ கஷ்டப்படுற? பாட்டு இருக்கு, பாடு. முடிஞ்சிச்சு."

எனக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. வீட்டில் அப்பாவோடு பயிற்சி செய்தேன். வேலை முடிந்து வந்து குளித்து, தேநீரோடு வாசலில் உட்கார்ந்தவுடன் தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. சொற்களுக்கு மேல் தமிழில் பொருளை நான் எழுதி வைத்திருந்தேன். அவர் எண்ணைத் தமிழில் கேட்பார், வரிசையில் கேட்காமல் தாவித் தாவிக் கேட்பார்.

"பன்னிரண்டு மேசை?"

"ஸ்தலோவ்."

"மூண்டு புத்தகம்?"

"க்னீகி."

"பதினாலு வருசம்?"

"லெத்."

வருடத்துக்கு ஒன்று என்றால் 'கோத்', நாலு என்றால் 'கோதா', ஐந்துக்கும் பதினாலுக்கும் வேறு ஒரு சொல்லே வந்துவிடும், 'லெத்'. அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை. "வயசு கூடக் கூட வருசத்துக்கே பேர் மாறிப்போகுது பார், கெட்டிக்காரச் சனம்," என்பார். கொஞ்ச நாளில் பதினொன்று முதல் பதினாலு வரை ஐந்தோடு சேரும் என்பது அவருக்கும் மனப்பாடமாகிவிட்டது. நான் தடுமாறினால் கண்ணாடிக்கு மேலால் பார்த்துத் திருத்துவார். உண்மையைச் சொன்னால் அவரோடு நான் அதிகம் சிரித்தது அந்த மாதங்களில்தான். இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. சார் தொடர்பு வைத்திருந்த பல்கலைக்கழகம் ஒன்று அந்த வருடம் அவர் அனுப்பும் பிள்ளைகளில் ஒருவருக்குப் படிப்புக் கட்டணமும் விடுதியும் இலவசம் என்று சொல்லியிருந்தது. பெயரை மட்டும் அனுப்ப வேண்டும். எனக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. பிறக்கும் என்று நம்பிய வழி பிறந்தே விட்டது! வகுப்பில் விதி தெரிந்து எழுதுகிறவள் நான் ஒருத்திதான். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தேநீரை வைத்துவிட்டு, "எத்தினை வருசம் பிள்ளை?" என்று கேட்டார். ஆறு வருடம் என்றேன். "ஆறு லெத்," என்றார். நான் சிரித்தேன். அவர் தாளை எடுத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே மேடத்தின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்து அவர் ஊருக்குப் பறந்துவிட்டார். எப்போது வருவார் என்று தெரியாது. சாருக்கோ பெயர் அனுப்பியாக வேண்டும். சோதனை வைத்து, முதலில் வருபவருக்கு இடம் என்று அறிவித்துவிட்டார். நியாயமான ஏற்பாடு என்று நானே மெச்சினேன். கேள்வித்தாளை மேடம் விட்டுப் போயிருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

சோதனையன்று தாளைத் திருப்பிப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. அதே சொற்கள், அதே வரிசை. ஆனால் எண்கள் மாறியிருந்தன! பன்னிரண்டு மேசை இருந்த இடத்தில் இரண்டு மேசை. பதினாலு வருடம் இருந்த இடத்தில் நாலு வருடம். எல்லாம் ஒற்றை இலக்கம். ஒரு வரியில் சுழியம்கூட இருந்தது, சுழியம் புத்தகம். மேடம் சொன்னதைச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். கிளிப்பிள்ளைகளுக்கு வைத்த பொறி! சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் உதட்டை அசைத்துப் பாட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தோழி மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் அவளும் குனிந்து எழுத ஆரம்பித்தாள். பாவம், மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. நான் ஒவ்வோர் எண்ணையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். இரண்டு மேசையின். மூன்று புத்தகத்தின். நாலு வருடத்தின். சுழியம் புத்தகங்களின். வெளியே வரும்போது இடம் எனக்குத்தான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

இரண்டு நாளில் சார் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். மேடத்தின் மேசையில் இருந்த 'கீ' எனும் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் உருவம் பொருந்துகிறதா என்று பார்த்து அவரே திருத்தியிருந்தார். தோழிக்கு முழு மதிப்பெண். எனக்கு நாலு பிழை. ஸ்தலா என்று நான் எழுதிய இடத்தில் சிவப்புப் பேனா. க்னீகி என்று எழுதிய இடத்தில் சிவப்புப் பேனா. மற்றவர்கள் எழுத்துப்பிழை விட்டு எனக்கும் கீழே போயிருந்தார்கள்; நான் இரண்டாம் இடம்.

"சார், இது சரி சார். ரெண்டுக்கு ஒருமைதான் வரணும்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. இன்னும் பலர் படியில் நின்றார்கள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? கீ என்ன சொல்லுதோ அதான் நான் போட்டேன். சந்தேகம் இருந்தா அப்பாவ வரச் சொல்லு. நீ சத்தம் போடாத."

அது எங்கள் பக்கத்து வழக்கம். அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி, எங்கே பேச வேண்டியிருந்தாலும் அப்பாதான் போவார். நீளக்கைச் சட்டையைப் போட்டு, பொத்தானை மணிக்கட்டு வரை பூட்டி, கையில் ஒரு கோப்போடு போவார். பெண்பிள்ளை போய் மல்லுக்கு நிற்பது வீட்டுக்கு அழகில்லை. எனக்கும் அன்று அது சரியாகவே பட்டது. நான் போனால் கத்துவேன், காரியம் கெட்டுப்போகும். அப்பா போனால் நிதானமாக எடுத்துச் சொல்வார். அதோடு இந்த விதி முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் பினாங்கிலேயே அவர்தான்.

வாசலில் உட்கார வைத்து, திருத்திய தாளைக் காட்டினேன். மேடம் எண்களை மாற்றியிருக்கிறார், சார் பழைய விடைத்தாளை வைத்துத் திருத்தியிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தாளை வெகு நேரம் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார்.

"நான் நாளைக்குப் போய்க் கதைக்கிறன். நீ ஒண்டும் செய்யாதை," என்றார்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். வந்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான். அவை சரியாத்தான் போட்டிருக்கினம் பிள்ளை. நீதான் எங்கையோ பிழை விட்டிட்டாய்."

"எப்படி அப்பா பிழை? ரெண்டு மேசைக்கு ஸ்தலாதானே? நீங்கள்தானே கேட்டுக் கேட்டுச் சொல்லித் தந்தது!"

"மேடம் வந்தாப் பிறகு அவவைக் கேள். அது ருஷ்யாக்காரரின்ர பாஷை. எங்களுக்குத் தெரியாத ஏதும் இருக்கும்."

அந்த ஒரு சொல்லில் நான் அடங்கிவிட்டேன். எங்களுக்குத் தெரியாத ஏதும் இருக்கும். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், அப்பா சொன்னார் என்பதற்காக என் மூளையையே சந்தேகப்பட்டேன். மேடம் வரும்வரை வகுப்பும் கிடையாது. வீட்டில் கிடந்து தாளை வைத்துக்கொண்டு மேசைகளையும் புத்தகங்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொல்லவே பிடிக்கவில்லை, ஆனால் அழுதேன். அப்பா தினமும் வேலையிலிருந்து வரும்போது எனக்குப் பிடித்த கூவே பலகாரம் ஏதாவது வாங்கி வந்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

மேடம் ஒரு மாதம் கழித்து, மெலிந்து, கறுப்பு உடையில் வந்தார். அவர் அம்மா இறந்துபோயிருந்தார். அனுதாபம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். எண்களை ஏன் மாற்றினீர்கள், மாற்றியபின் என் விடை ஏன் பிழை என்று கேட்டேன்.

அவர் தாளை ஒரு பார்வை பார்த்தார். இழுப்பறையைத் திறந்து தன் சொந்தத் தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் எதையும் மாற்றவில்லை. இது என் பழைய தாள்தான். பிரதி எடுத்தவன் தாளைத் தள்ளி வைத்திருக்கிறான். இடது ஓரம் வெட்டுப்பட்டுப் போயிற்று. பார், பத்தாம் இடம் முழுவதும் இல்லை."

அப்போதுதான் எனக்குத் தலையில் உறைத்தது. சாருக்குக் கேள்வித்தாள் தயாரிக்கத் தெரியாது. மேடத்தின் மேசையைத் திறந்து பயிற்சித் தாளையே எடுத்து, கீழே கடையில் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டில் பத்து போய் இரண்டு நின்றது. இருபது வெறும் சுழியமாக நின்றது. இருபத்துமூன்று மூன்றாகிவிட்டது, ஆனால் அதற்கு விடை மாறாது. இருபத்தைந்து ஐந்தாகிவிட்டது, அதற்கும் மாறாது. சுழியத்துக்கும் மாறாது. பத்தாம் இடத்தை வெட்டினால் விடை மாறுவது பதினொன்று முதல் பதினாலு வரையிலான எண்களுக்கு மட்டும்தான். அந்த நாலும்தான் என்னுடைய நாலு பிழை. எண்ணைப் பார்த்து எழுதியவள் நான் ஒருத்தி. பார்க்காமல் பாடியவர்களுக்கெல்லாம் அந்த நாலும் சரி.

மேடம் முதலில் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இந்தத் தாளின்படி உன் விடைகளில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள்தான் நாலு நாலு பிழை. இரண்டு என்று போட்டு அதற்குப் பக்கத்தில் பன்மையை எழுதியிருக்கிறார்கள்," என்றார்.

தோழியும் அங்கேதான் இருந்தாள். ருஷ்யா போகும் தேதி கிடைத்து, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ பாத்தியா? ஓரம் வெட்டுப்பட்டத பாத்தியா?"

அவள் மறைக்கவில்லை. "பாத்தேன். யாராச்சும் சீரோ புக்குனு கேப்பாங்களா? அப்பவே தெரிஞ்சிச்சு, போட்டோஸ்டாட் சரியில்லன்னு. சாரோட கீ பழைய கீதானே? அதுக்கு என்ன வேணுமோ அத எழுதிட்டேன். நீ ஏன்லா எழுதல?"

 அவள்மேல் கோபம் வந்தது, ஆனால் பிடித்து நிறுத்த ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அவள் சாரைப் படித்திருந்தாள். நான் பாடத்தைப் படித்திருந்தேன். சோதனை யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவள் போகட்டும். அவளை நான் அன்றும் வெறுக்கவில்லை, இன்றும் வெறுக்கவில்லை.

மேடம் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அவர் விளக்கினார், மேசையைத் தட்டினார், ஒரு கட்டத்தில் ருஷ்ய மொழியிலேயே திட்டினார். சார் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"இப்ப வந்து சொன்னா நான் என்னம்மா செய்வேன்? பேர் போயிருச்சு, விசா வந்திருச்சு. இதத்தான் அன்னிக்கே உங்கப்பா கண்டுபிடிச்சிட்டாரே."

"என்ன?"

"ஒரிஜினல காட்டுங்கன்னு கேட்டாரு. காட்டினேன். ரெண்டையும் பக்கத்துல வச்சு, ஸ்கேல் வச்சு ஒவ்வொரு வரியா பாத்தாரு. ஓரம் கட் ஆயிருச்சுன்னு அவர்தான் எனக்குக் காட்டினாரு. நானே பயந்துட்டேன். அண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் பேர் அனுப்ப மாட்டேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, திருப்பி டெஸ்ட் வைக்கிறேன்னு சொன்னேன். வேணாம்னாரு. இருக்கட்டும், விட்டுடுங்கன்னாரு. நான் அவர் வாயாலதான் கேட்டேன்மா. வேற என்ன செய்யச் சொல்ற?"

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஜெலுத்தோங் வரை வந்தேன், வீட்டுக்கு நடந்தேன். சார் பொய் சொல்கிறார், தன் தவறை மறைக்க அப்பாவை இழுக்கிறார் என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டேன்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"அப்பா, அண்டைக்குச் சார் ஒரிஜினலைக் காட்டினவரோ?"

அவர் பேப்பரை மடித்தார். மடிப்பை இரண்டு தடவை அழுத்தினார்.

"காட்டினவர்."

"ஓரம் வெட்டுப்பட்டதைப் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான். இஞ்ச நீ காட்டேக்கையே எனக்கு விளங்கினது. அங்க போய் ஒருக்கா உறுதிப்படுத்தினனான்."

ஏதாவது மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மழுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கிளார்க். கேட்ட கேள்விக்கு நேரான பதிலைத் தந்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

"அப்ப ஏன் சொல்லேல்லை? நான்தான் பிழை விட்டனான் எண்டு சொன்னீங்களே!"

"நீ போயிட்டால் இந்த வீட்டில ஆர் இருக்கினம்?" என்றார். பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னார்: "போகவேண்டாம் எண்டு நான் சொல்லியிருந்தால் நீ சண்டை பிடிச்சிட்டுப் போயிருப்பாய் பிள்ளை. உன்ர பிழை எண்டால்தான் பேசாமல் இருப்பாய்."

என்னை அவ்வளவு சரியாக அறிந்த மனிதர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அந்நியன் ஒருவன் கழுத்தறுத்தால் கத்தலாம். இவர் என்னை மடியில் வைத்து வளர்த்தவர், பதினொன்றும் பன்னிரண்டும் எந்தப் பக்கம் சேரும் என்று மாலை மாலையாக என்னோடு உட்கார்ந்து படித்தவர். படித்த அந்த ஒரு விதியை வைத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். நான் அன்று கத்தவில்லை. உள்ளே போய் சோறு வடித்தேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வரும். அப்பா எனக்கு முன்னால் எழுந்து தேநீர் போட்டு வைப்பார். பஸ் ஏறும்வரை கேட்டருகே நிற்பார். என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை நானே வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த அவருக்கு என்ன அவசரம்? தோழி படித்து முடித்து வந்து, செபராங் ஜெயாவில் கிளினிக் திறந்தாள். திறப்பு விழாவுக்கு அப்பாதான் போய்வந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மாலைகளில் வாசலில் உட்கார்ந்து, நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவார். நான் குளிக்கப் போய்விடுவேன். மருந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்தில் இருப்பேன். ஒரு மகள் செய்ய வேண்டியதில் ஒன்றையும் நான் குறைக்கவில்லை, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்றுதானே அவர் அதைச் செய்தார். ஆள் இருந்தேன். அவர் சாகும்வரை அந்த வாசலில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.